ஒதுக்கு வேளையும் மேலதிகச் செயலும்: வன்னிப் பள்ளிக்கூட ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி மாவட்டத்தில் கணிதம் கற்பிக்கிறேன். தவணைத் திட்டம் எழுதும் காலம் வந்தால் புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியர்கள் கொப்பியோடு வந்து உட்காருவார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்தும் சிலர் வருவார்கள். கேள்விகள் ஆளுக்கு ஆள் பெரிதாக மாறுவதில்லை, அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்தேன். உதாரணங்கள் எல்லாம் தரம் 10 கணிதம், முதலாம் தவணை. எனக்குக் கைவந்த பாடம் அதுதான்.

ஒதுக்கு வேளை எண்டா என்ன சேர்? சும்மா விடுற ஒரு பாடவேளையா?

சும்மா விடுவதில்லை. திட்டத்தில் புதுப் பாடம் எதையும் எழுதாமல் முன்கூட்டியே பிடித்து வைக்கும் பாடவேளை அது. எதிர்பாராமல் ஒரு வேளை போய்விட்டால், போன பாடம் அதற்குள் வந்து உட்காரும். எதுவும் போகவில்லை என்றால், அந்த வேளையில் செய்ய ஏற்கெனவே எழுதி வைத்த ஒரு மேலதிகச் செயல் இருக்கும்.

இந்த இரண்டும் சோடி. மேலதிகச் செயல் இல்லாத ஒதுக்கு வேளை, தடை வராத நாளில் சத்தம் போடும் வகுப்பாகிவிடும். ஒதுக்கு வேளை இல்லாத மேலதிகச் செயல், பாடம் முடிக்க வேண்டிய நேரத்தைத் தின்றுவிடும். ஒன்றை மட்டும் செய்துபார்த்துவிட்டு "இது சரிவராது" என்று சொன்னவர்கள்தான் அதிகம்.

பூரணை லீவும் விளையாட்டுப் போட்டியும் முதலே தெரியும்தானே. அதுக்கும் ஒதுக்கு வேளை வைக்கிறதா?

இல்லை. தெரிந்த விடுமுறையைத் தடை என்று எண்ணக்கூடாது. பூரணை, தைப்பொங்கல், பெப்ரவரி 4, மகா சிவராத்திரி எல்லாம் நாட்காட்டியில் இருக்கின்றன. இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குத் திகதி கடைசியில்தான் வரும். ஆனாலும் அது நடக்கும் என்பதும், அதற்கு முந்திய இரண்டு கிழமையும் மத்தியானத்துக்குப் பிந்திய பாடவேளைகள் மைதானத்துக்குப் போய்விடும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். முல்லைத்தீவுப் பக்கம் உள்ளவர்கள் இரண்டாம் தவணையில் வற்றாப்பளைப் பொங்கலையும் இப்படியே சேர்த்துக்கொள்ள வேண்டும். வைகாசியில் அந்தத் திங்கட்கிழமையை ஒட்டி வகுப்பில் யார் இருப்பார்கள் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

இவற்றை முதலில் கழித்துவிடுங்கள். கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உங்கள் கையில் உண்மையாக உள்ள பாடவேளை. ஒதுக்கு வேளை அந்த மிச்சத்துக்குள் இருந்துதான் எடுக்கப்படும். இந்த ஒழுங்கை மாற்றினால், பெப்ரவரி முடியும்போது ஒதுக்கு வேளை எல்லாம் விளையாட்டுப் போட்டிக்கே போயிருக்கும். மழைக்கு எதுவும் இருக்காது.

சரி, எத்தனை வேளை வைக்கிறது? ஒரு கணக்கைச் சொல்லுங்கோவன்.

பத்து வீதம், இருபது வீதம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏ9 வீதியில் உள்ள பள்ளிக்கூடத்துக்கும் காட்டுப் பாதையால் போகும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே வீதம் எப்படிப் பொருந்தும்? எண்ணிக்கை உங்கள் போன வருடத்துப் பதிவுப் புத்தகத்துக்குள் இருக்கிறது. அதில் இருந்து எண்ணி எடுக்க வேண்டும்.

என் கணக்கு இது. தவணை 12 கிழமை, கிழமைக்கு 6 பாடவேளை, மொத்தம் 72. நாட்காட்டி விடுமுறைகளால் 5 வேளை போகும். விளையாட்டுப் போட்டிக்கும் பயிற்சிக்கும் 6. தவணைப் பரீட்சைக்கும் வினாத்தாள் கலந்துரையாடலுக்கும் 7. மிச்சம் 54. இப்போது போன வருடம் எதிர்பாராமல் போனவற்றை எண்ணினேன். முழுதாகப் போனவை ஐந்து: மழையால் பிள்ளைகள் வராத இரண்டு வேளை, ஊரில் ஒரு செத்தவீட்டுக்காக நேரத்தோடு மணி அடித்த ஒரு வேளை, என் சொந்த லீவு இரண்டு. பாதியாகப் போனவைதான் சனம் எண்ண மறப்பவை. காலைக்கூட்டம் நீண்டது, பஸ் பிந்தியது, பல் பரிசோதனைக்கு ஆட்கள் வந்தது என்று பத்துப் பத்து நிமிடமாகப் பன்னிரண்டு தடவை போயிருந்தது. 120 நிமிடம், அதாவது 40 நிமிடப் பாடவேளை மூன்று. ஆகமொத்தம் 8.

54இல் 8ஐ ஒதுக்கினால் பாடத்துக்கு 46 வேளை. அதற்கு முந்திய இரண்டு வருடங்களில் ஒன்றில் 7, மற்றதில் 13 போயிருந்தன. 13 போனது வெள்ளம் வந்த வருடம். நான் 13ஐ எடுக்கவில்லை. மிக மோசமான வருடத்துக்கு ஏற்ப ஒதுக்கினால் மற்ற வருடங்களில் பாடம் மெலிந்துபோகும். வழமையான வருடத்துக்கு ஒதுக்கிவிட்டு, வெள்ளத்துக்கு வேறு திட்டம் வைத்திருக்க வேண்டும். அதைக் கீழே, வெள்ளத்தைப் பற்றிக் கேட்ட இடத்தில் சொல்கிறேன்.

ஆசிரியர் வழிகாட்டியில 50 வேளை எண்டு இருக்கு, கையில 46தான். பாடத்திட்டமே முடியாதே, இதுக்குள்ள ஒதுக்கு வேறயா?

இந்தக் கேள்விதான் எல்லோரையும் நிறுத்திவிடுகிறது. ஆனால் ஒன்றைப் பாருங்கள்: நீங்கள் ஒதுக்கினாலும் ஒதுக்காவிட்டாலும் அந்த எட்டு வேளையும் போகத்தான் போகிறது. ஒதுக்காவிட்டால், தவணையின் கடைசியில் எந்த அலகு வருகிறதோ அது அடிபடும். தொடர்ந்து நாலு வருடம் ஒரே அலகு அடிபட்டதை நான் என் கொப்பியிலேயே பார்த்திருக்கிறேன். அது முக்கியமில்லாத அலகு என்பதால் அடிபடவில்லை, கடைசியில் நின்றதால் அடிபட்டது.

ஆகவே குறைக்க வேண்டிய நாலு வேளையை நீங்களே, தவணை தொடங்கும்போதே, தெரிந்து குறையுங்கள். தரம் 10இல் பின்னங்கள் அலகில் பாதிக்கு மேல் பிள்ளைகள் முன்பு படித்ததுதான். அதில் இரண்டு எடுத்தேன். சுற்றளவில் முழு வட்டத்தை மீட்டும் ஒரு வேளையை ஐந்து நிமிட ஆரம்பமாகச் சுருக்கினேன். வர்க்கமூலத்தில் பயிற்சிக்கு இருந்த ஒன்றை வீட்டுக்கு அனுப்பினேன். நாலு சரி. ஈருறுப்புக் கோவையில் கை வைக்கவில்லை. அதில் ஓட்டை விழுந்தால் பின்னால் வரும் இருபடிக் கோவைகளின் காரணிகள் அலகு முழுவதும் ஒழுகும்.

எட்டையும் தவணை முடிவில வைச்சா சுகம்தானே? தேவைப்பட்டா எடுக்கலாம்.

பாதிக்கு அது சரி. ஒரே இடத்தில் சேர்த்து வைத்தால் எந்த அலகில் அடி விழுந்தாலும் எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் முழுவதையும் கடைசியில் வைத்தால் இரண்டு கெட்ட விசயம் நடக்கும். முதலாவது, ஜனவரியில் போன ஒரு வேளைக்காகத் தவணை முழுவதும் ஒரு வேளை தள்ளித் தள்ளிப் போகும். பக்கத்து வகுப்போடு சேர்ந்து வைக்கும் அலகுப் பரீட்சை குழம்பும். இரண்டாவது, கடைசியில் எட்டு வேளை இருக்கிறது என்று தெரிந்தால் நமக்கே கை தளர்ந்துவிடும். "பிறகு பார்ப்பம்" என்று முதல் அலகை இழுப்போம். நானும் இழுத்திருக்கிறேன்.

இப்போது நான் ஐந்தை அலகுகள் முடியும் இடங்களில் வைக்கிறேன், மூன்றைப் பரீட்சைக்கு முன்னால் வைக்கிறேன். அலகு முடிவுதான் வரம்பு. வயலில் ஒரு பாத்தியில் உடைத்த தண்ணீரை அந்தப் பாத்தி வரம்பிலேயே மறித்துவிட்டால் பக்கத்துப் பாத்திக்குப் போகாதல்லவா, அதே வேலைதான். நீளமான அலகுக்குப் பின்னால் ஒன்று கட்டாயம் வேண்டும். இரண்டு மூன்று வேளையில் முடியும் சின்ன அலகுக்குப் பின்னால் வேண்டாம். அடுத்ததோடு சேர்த்து ஒன்று வையுங்கள்.

ஒரு நாற்பது நிமிசப் பாடத்துக்குள்ளயும் இப்படி வைக்கலாமோ?

வைக்க வேண்டும். 40 நிமிடத்துக்கு 40 நிமிடப் பாடக்குறிப்பு எழுதுவதுதான் நம்மில் பலருடைய பிழை. முன்பாடத்து ஆசிரியர் வெளியே வந்து, நீங்கள் உள்ளே போய், பிள்ளைகள் கொப்பி எடுத்து முடிக்கவே மூன்று நாலு நிமிடம் போய்விடும். நான் 32 நிமிடத்துக்கு எழுதுகிறேன். காலை முதல் பாடவேளை என்றால் 28. தூரத்தில் இருந்து சைக்கிளில் வரும் பிள்ளைகளும், யாழ்ப்பாணத்தில் இருந்தோ வவுனியாவில் இருந்தோ பஸ்ஸில் வரும் ஆசிரியர்களும் உள்ள பள்ளிக்கூடத்தில் முதல் வேளை ஒருநாளும் முழு வேளை இல்லை.

ஆரைச்சிறையின் சுற்றளவை எடுப்போம். முதல் 5 நிமிடம் வட்டத்தின் பரிதி மீட்டல். அடுத்த 10 நிமிடம் கடதாசி வட்டத்தை நாலாக மடித்து, கால் வட்டத்தின் வில் பரிதியில் கால் பங்கு என்று காண்பது. அடுத்த 6 நிமிடம் கரும்பலகையில் ஒரு கணக்கு: ஆரை 7 செ.மீ., கோணம் 90 பாகை. முழுப் பரிதி 44, வில் 11, இரண்டு ஆரைகளையும் கூட்டினால் சுற்றளவு 25 செ.மீ. அதற்குப் பின் 4 நிமிடத்தில் ஒரே ஒரு சோதனைக் கேள்வி: ஆரை 7 செ.மீ. உள்ள அரைவட்டத்தின் சுற்றளவு என்ன? 36 என்று எழுதியவர்களுக்கு விளங்கிவிட்டது. 22 என்று எழுதியவர்கள் வில்லோடு நின்றுவிட்டார்கள், இரண்டு ஆரைகளும் விடுபட்டுவிட்டன. இந்தப் பாடத்தில் பிள்ளைகள் விடும் பெரிய பிழை இதுதான்.

அந்த இடத்தில், 25ஆவது நிமிடத்தில், என் பாடக்குறிப்பில் சிவப்பில் ஒரு கோடு இருக்கும். கோட்டுக்கு மேலே உள்ளது நடந்தால் இன்றைய பாடம் நடந்ததாகக் கணக்கு. கோட்டுக்குக் கீழே 7 நிமிடம் கொப்பிப் பயிற்சி, அதன் பிறகு மேலதிகச் செயல். அதிபர் ஒலிபெருக்கியில் கூப்பிட்டால், மணி முன்னுக்கு அடித்தால், கீழே உள்ளதுதான் போகும். சோதனைக் கேள்வியைப் பாடத்தின் கடைசியில் வைக்காமல் கோட்டுக்கு மேலே வைத்ததைக் கவனியுங்கள். கடைசியில் இருந்தால் தடை வரும் நாளில் முதலில் போவது அதுதான். அன்று பிள்ளைக்கு விளங்கியதா இல்லையா என்பதும் தெரியாமல் போகும்.

மேலதிகச் செயல் எண்டா இன்னும் பத்துக் கணக்குக் குடுக்கிறதுதானே?

அப்படிக் கொடுத்துப் பாருங்கள். இரண்டாம் நாளே கெட்டிக்காரப் பிள்ளை மெதுவாகச் செய்யப் பழகிவிடும். சீக்கிரம் முடித்தால் கிடைப்பது தண்டனை என்று அதற்குத் தெரியும். அடுத்த அலகில் இருந்து கொடுப்பதும் பிழை. பத்துப் பேர் முன்னால் ஓடிவிடுவார்கள், அடுத்த கிழமை நீங்கள் அதைத் தொடங்கும்போது அவர்களுக்குச் சலிப்பு, மற்றவர்களுக்குப் பயம்.

மேலதிகச் செயல் இன்று படித்ததையே வைத்துக்கொண்டு ஆழமாகப் போக வேண்டும். எந்த நிமிடத்தில் நிறுத்தினாலும் நட்டம் இருக்கக்கூடாது. நான் திருத்த வேண்டி வரக்கூடாது. அன்றைய பாடத்துக்கு நான் எழுதி வைத்தது இது: "50 மீற்றர் முட்கம்பி இருக்கிறது. ஆரைச்சிறை வடிவில் ஒரு வீட்டுத்தோட்டத்தைச் சுற்றி அடைக்க வேண்டும். கம்பி முழுவதும் முடிய வேண்டும். ஆரை எவ்வளவு வைக்கலாம்? கோணம் எவ்வளவு வரும்?"

ஆரை 14 மீற்றர் என்றால் இரண்டு ஆரைக்கும் 28 போக வில்லுக்கு 22. முழுப் பரிதி 88, ஆகவே கோணம் சரியாக 90 பாகை. இது எல்லோருக்கும் கிட்டும். ஆரை 7 என்றால் வில் 36, பரிதி 44, கோணம் ஏறக்குறைய 295 பாகை. வடிவத்தைக் கீறிப் பார்க்கும்போதே பிள்ளைகள் சிரிப்பார்கள், வாய் திறந்த மீன் மாதிரி இருக்கும். அப்புறம் ஒருவர் ஆரை 25 என்று போடுவார். இரண்டு ஆரையிலேயே கம்பி முடிந்துவிடும், தோட்டம் இல்லை. நல்ல இடம் ஆரை 6. வில்லுக்கு 38 மீற்றர் மிஞ்சும், ஆனால் ஆரை 6 உள்ள முழு வட்டத்தின் பரிதியே 37.7தான். வில் எப்படி முழு வட்டத்தை விட நீளமாக இருக்கும்? 7 சரிவருகிறது, 6 மயிரிழையில் தவறுகிறது. ஒரு வருடம் ஒரு பிள்ளை இதைக் கண்டுபிடித்துவிட்டு, இடைவேளைக்கும் எழும்பாமல் 6.1 போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

கெட்டிக்காரர் மட்டும்தான் அதைச் செய்வினம். மற்றப் பிள்ளைகள் பாத்துக்கொண்டிருக்கிறதா?

கேள்வியை எழுதும் விதத்தில் இருக்கிறது. கம்பிக் கேள்வியில் உள்ளே நுழைவதற்கு அன்றைய சூத்திரம் மட்டும் போதும். ஆரை 14ஐ நான் கரும்பலகையிலேயே எழுதிக் கொடுத்துவிடுவேன். ஒரு பிள்ளை அதோடு நிற்கலாம், இன்னொன்று 10 போடலாம், வேறொன்று 6இல் மாட்டிக்கொள்ளலாம். எல்லோருக்கும் ஒரே கேள்வி, போகும் தூரம்தான் வேறு.

ஆனால் சோதனைக் கேள்விக்கு 22 என்று எழுதிய பிள்ளைகள் மேலதிகச் செயலுக்குப் போகக்கூடாது. கடைசியில் மிஞ்சும் அந்த நிமிடங்கள் அவர்களுக்கு வேறு வேலைக்கு. மற்றவர்கள் கம்பியோடு இருக்கும்போது நான் இவர்களைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் கூப்பிட்டு, கடதாசி அரைவட்டத்தின் விளிம்பை விரலால் சுற்றி வரச் செய்வேன். விரல் நேர்கோட்டில் வரும்போது அவர்களே "ஓ, இதுவும் இருக்கு" என்பார்கள்.

தடை ஒண்டும் வரேல்ல, ஒதுக்கு வேளை மிஞ்சிப்போச்சு. அடுத்த அலகைத் தொடங்கினா முன்னுக்கு நிக்கலாமே?

ஆசைதான். ஆனால் முன்னுக்கு நிற்பது நீங்கள், பிள்ளைகள் இல்லை. அலகு முடிவில் மிஞ்சிய வேளையில் முதலில் சோதனைக் கேள்விகளில் விழுந்த பிழைகளைப் பாருங்கள். பத்துப் பேருக்கு மேல் ஒரே பிழை விட்டிருந்தால் அந்த வேளை அதற்கு. இல்லாவிட்டால் நீண்ட மேலதிகச் செயல். கம்பிக் கேள்வி மாதிரி ஒன்றை 40 நிமிடத்துக்கு விரித்தால் போதும்: குழுவாக அட்டவணை போட்டு, ஆரை மாற மாறக் கோணம் எப்படிப் போகிறது என்று பார்க்கலாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. மூன்றாம் தவணையில், மாரி தொடங்க முன்னர், புரட்டாதியில் மிஞ்சும் வேளையை நான் பாடத்துக்கே செலவழிக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் என்ன நடக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

அறுவடை நேரம் பாதிப் பிள்ளைகள் வாறேல்ல. வகுப்பு நடக்குது, ஆனா நடக்காத மாதிரி. இது தடையா இல்லையா?

பாதித் தடை. பதிவில் அப்படியே எழுதுங்கள். காலபோக வெட்டுக் காலத்தில் இப்போது மெசின் வந்துவிட்டாலும், வீதியில் காயப்போட்ட நெல்லைப் பார்க்கவும், வீட்டில் சின்னதுகளைப் பார்க்கவும் பிள்ளைகள் மறிபடுகிறார்கள். பெற்றோரோடு சண்டை பிடித்துப் பயனில்லை.

நான் வைத்திருக்கும் அளவு மூன்றில் இரண்டு. 30 பேர் வகுப்பில் 20க்கு மேல் இருந்தால் திட்டப்படி புதுப் பாடம். குறைவாக இருந்தால் புதுப் பாடம் தொடங்குவதில்லை, முடிந்த பாடத்தின் மேலதிகச் செயலை எடுப்பேன். வந்த பிள்ளைக்கு நாள் வீணாகவில்லை, வராத பிள்ளைக்குப் பாடம் தவறவில்லை. ஆனால் இது கிழமைக்கு இரண்டு தடவைக்கு மேல் கூடாது. மூன்றாம் நாளும் ஆட்கள் குறைவு என்றால் இருப்பவர்களோடு பாடத்தைத் தொடங்கிவிடுவேன். ஒழுங்காக வரும் பிள்ளையைத் தண்டிக்க எனக்கு உரிமை இல்லை. இந்த எண்கள் என் வகுப்புக்குச் சரிவந்தவை, உங்களுடையதுக்கு வேறாக இருக்கலாம்.

திட்டத்தில வெறுமையா ஒரு வேளையைக் கண்டா பிரதி அதிபர் பதிற்கடமைக்குப் போடுவார், மேல இருந்து வாறவையும் "இதென்ன" எண்டு கேப்பினம். என்ன எழுதுறது?

வெறுமையாக எழுதினால் கேட்கத்தான் செய்வார்கள், அதில் பிழை இல்லை. அந்தப் பெட்டிக்குள் இரண்டு வரி எழுதுங்கள்: "தவறிய பாடம் இருப்பின் அது. இல்லையேல் மீட்டலும் மேலதிகச் செயல் 3உம்." மேலதிகச் செயலுக்கு இலக்கம் கொடுத்து, அதைப் பின்னால் ஒட்டி வையுங்கள். வருகிறவர் புரட்டிப் பார்த்தால் அங்கே இருக்கும். இது சாட்டுச் சொல்வது இல்லை, உண்மையாகவே அந்த வேளையில் நடக்கப்போவது அதுதான்.

ஒருமுறை மேற்பார்வைக்கு வந்த ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, பாடத்திட்டம் முடிக்காமல் விளையாட்டுக் காட்டுகிறேன் என்றார். போன மூன்று வருடம் போன வேளைகளின் எண்ணிக்கையை எடுத்துக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. எண்ணிக்கை கையில் இல்லாமல் இந்த வாதத்துக்குப் போகாதீர்கள்.

நான் லீவு எடுக்கிற நாளில வேற பாட ஆசிரியர் வந்து இருக்கிறார். அவருக்குப் புதுப் பாடம் எடுக்கேலாதே.

எடுக்கச் சொல்லவும் கூடாது. பழைய அலகுகளின் மேலதிகச் செயல்கள் மூன்றை அலுமாரியில் ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் பின்பக்கத்தில் விடை உண்டு. தமிழ் ஆசிரியரும் சமய ஆசிரியரும் பயப்படாமல் வாசித்துக் கொடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பயன்படுத்தியதில் திகதி போடுங்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.

வெள்ளம் வந்து ஒரு கிழமை முழுக்கப் பள்ளிக்கூடம் இல்லை. எட்டு வேளை எந்த மூலைக்குக் காணும்?

காணாது. ஒதுக்கு வேளை பத்து நிமிடம், ஒரு நாள், இரண்டு நாள் என்று வரும் தடைகளுக்குத்தான். 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்து கண்டாவளைப் பக்கம் தண்ணீரில் நின்றதை நினைத்துப் பாருங்கள். 2024 நவம்பரில் உயர்தரப் பரீட்சையையே இடையில் நிறுத்த வேண்டி வந்தது. அப்படியான நேரம் பள்ளிக்கூடமே நலன்புரி நிலையமாகிவிடும். தண்ணீர் வற்றினாலும் சனம் வீட்டுக்குப் போய், வகுப்பறை கழுவி, நனைந்த கொப்பிகளுக்கு மாற்றுக் கிடைக்கும்வரை பாடம் தொடங்காது. மூடிய நாட்களோடு அந்த நாட்களையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

இதற்கு வேண்டியது வெட்டும் ஒழுங்கு. தவணை தொடங்கும்போதே, மனம் அமைதியாக இருக்கும் நேரத்தில், எதை முதலில் வெட்டுவது என்று எழுதி வைக்க வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு இருந்து யோசித்தால் பதற்றத்தில் எல்லாவற்றையும் வேகமாக ஓட்டத்தான் தோன்றும். நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: இந்த அலகில் வேறு எந்த அலகு சாய்ந்து நிற்கிறது? முதலாம் தவணையை வைத்தே சொல்கிறேன். ஈருறுப்புக் கோவையில் இருபடிக் காரணிகள் சாய்ந்திருக்கின்றன. முக்கோணிகளின் ஒருங்கிசைவில் பின்னால் வரும் முக்கோணித் தேற்றங்கள் சாய்ந்திருக்கின்றன. இவை இரண்டும் முழுதாக நடக்க வேண்டும். வர்க்கமூலத்தை வகுத்தல் முறையால் காண்பதில் அந்தத் தவணையில் எதுவும் சாய்ந்திருக்கவில்லை. அதை ஒரு வேளைக்குள் காட்டிவிட்டு, பயிற்சியை அடுத்த தவணையின் முதல் ஒதுக்கு வேளைக்குத் தள்ளலாம். தள்ளினேன் என்று பதிவில் எழுதி, தவணைப் பரீட்சை வினாத்தாள் தயாரிப்பவருக்கும் சொல்லிவிட வேண்டும். இதை மறந்த ஒரு வருடம், நடத்தாத பகுதியில் இருந்து பத்துப் புள்ளிக்குக் கேள்வி வந்துவிட்டது.

பள்ளிக்கூடம் திறந்த முதல் இரண்டு வேளையில் புதுப் பாடம் வேண்டாம். மேலதிகச் செயல்களில் இலகுவானது ஒன்றை எடுங்கள். கொப்பி இல்லாத பிள்ளையும் பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து செய்யக்கூடியதாக இருக்கட்டும்.

இதையெல்லாம் எழுதி வைக்க நேரம் எங்க இருக்கு?

எழுத்து வேலை அவ்வளவு இல்லை. பதிவுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் மூன்று நிரல்: திகதி, போன நிமிடம், காரணம் ஒரு சொல்லில். பாடவேளை முடிந்து வெளியே வரும்போதே "12, பஸ்" என்று எழுதிவிட்டால் முடிந்தது. மாலையில் நினைத்து எழுதினால் பத்து நிமிடங்கள் எல்லாம் மறந்துபோய், பெரிய தடைகள் மட்டும்தான் பக்கத்தில் இருக்கும்.

மேலதிகச் செயல்களை ஒரே நாளில் எழுதவும் வேண்டாம். அலகுக்கு ஒன்று போதும், முதலாம் தவணைக்கு ஏழு எட்டு வரும். பக்கத்துப் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவரோடு நான் பாதிப் பாதியாகப் பங்குபோட்டேன். அவர் எழுதிய ஒருங்கிசைவுச் செயலில் ஒரு பிழை இருந்தது, என் வகுப்புப் பிள்ளைகள்தான் கண்டுபிடித்தார்கள். இப்போது அந்தப் பிழையோடேயே கொடுக்கிறோம், "இதில் எங்கே பிழை?" என்ற கேள்வியோடு.